லூமென், லக்ஸ், டிரைவர்: எல்இடி விவரத்தாளைத் தமிழாக்க மூன்று வழிகள்

ஒரு எல்இடி டவுன்லைட்டின் விவரத்தாளைத் தமிழில் போட வேண்டியிருந்தது. இரண்டே பக்கம்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், நான்கு நாள் ஆகிவிட்டது. வாக்கியங்கள் கடினமாக இருந்தன என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதில் வாக்கியமே கிடையாது. எல்லாம் அட்டவணை. கட்டுரையில் ஒரு சொல் சறுக்கினால் முன்னும் பின்னும் இருக்கிற வரிகள் அதைத் தாங்கிப் பிடித்துவிடும், அட்டவணையில் அந்தச் சொல்லும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் மட்டும்தான். வேலையைத் தின்ற வரிகள் இவை:

```
Luminous flux         3600 lm
Illuminance at 2 m    286 lx (centre)
Beam angle            120°
Input power           30 W
Efficacy              120 lm/W
CCT                   4000 K
Driver                constant current, non-isolated
Driver output         700 mA, 30-42 V DC
Driver efficiency     88 %
tc max                75 °C
```

இதைத் தமிழாக்க மூன்று வழி உண்டு. முதலாவது, எல்லாவற்றுக்கும் தமிழ்க் கலைச்சொல்: ஒளிப்பாயம், நிறவெப்பநிலை, இயக்கி என்று போவது. இரண்டாவது, அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது: லூமினஸ் ஃப்ளக்ஸ், கலர் டெம்பரேச்சர், எஃபிகசி. மூன்றாவது கலவை, அதாவது எதைத் தமிழில் சொல்வது, எதைக் கடன் சொல்லாக விடுவது, எதைக் குறியீடாகவே வைப்பது என்று வரிக்கு வரி தீர்மானிப்பது. மூன்றாவதுதான் நல்லது என்று யாரும் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் எந்த அடிப்படையில் கலப்பது என்று முடிவு செய்யாவிட்டால் அது வழியே இல்லை, அன்றன்றைக்குத் தோன்றியதை எழுதுவது. அதனால் மூன்று வழிகளிலும் ஒரு முறை முழுத்தாளையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் இடறல் லூமெனுக்கும் லக்ஸுக்கும் நடுவில். விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் ஒளி முழுவதையும் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்ப எடை போட்டு அளப்பது லூமென். ஏதோ ஒரு பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு எத்தனை லூமென் விழுகிறது என்பது லக்ஸ். பேச்சில் இரண்டையும் வெளிச்சம் என்றுதான் சொல்கிறோம், அதனால் கை தானாக 'வெளிச்சம் 3600', 'வெளிச்சம் 286' என்று எழுதப் போகிறது. படிப்பவர் எது உண்மை என்று கேட்பார்.

தனித்தமிழ் வழியில் போனால் ஒளிப்பாயம் என்ற சொல் கிடைக்கிறது. காந்தப்பாயம் படித்தவருக்கு அது உடனே புரியும், எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் லக்ஸ் அளக்கும் அளவுக்கு என்ன சொல்? ஒளிர்வு, ஒளியூட்டம், ஒளிச்செறிவு என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். இதில் ஒளிச்செறிவு பள்ளிப் புத்தகத்திலேயே கேண்டிலாவுக்குப் போய்விட்டது, ஏழு அடிப்படை அலகுகளில் ஒன்றாக மனப்பாடம் செய்திருப்போம். அதை லக்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெரிந்தவர் தவறு என்பார், தெரியாதவருக்கு எப்படியும் புரியாது. ஒளிர்வு என்றால் விளக்கே மின்னுகிற மாதிரி இருக்கிறது, தரையில் விழும் ஒளியைச் சொல்வதாக இல்லை. மூன்று சொல்லும் 'ஒளி' என்றே ஆரம்பித்து வாலில் மட்டும் வேறுபடுவது இன்னொரு தொந்தரவு. குறுகிய அட்டவணையில் கண் ஓடும்போது வாலைப் படிப்பதில்லை.

இரண்டாவது வழியிலும் இதே சிக்கல் வேறு உடையில் வருகிறது. லூமினஸ் ஃப்ளக்ஸ், லூமினஸ் இன்டென்சிட்டி, லூமினன்ஸ், இல்லுமினன்ஸ். ஆங்கிலத்தில் படித்தே குழம்புகிறவர்கள் இருக்க, தமிழ் எழுத்தில் எழுதினால் எங்கிருந்து தெளிவு வரும்?

கடைசியில் உதவியது பெயர்ச்சொல் இல்லை, பெயரெச்சம். 'விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி 3600 lm', '2 மீட்டர் கீழே நடுப்புள்ளியில் விழும் ஒளி 286 lx'. வெளிவிடும், விழும். வேறுபாடு முழுவதையும் வினை தாங்கிக்கொள்கிறது, புதுச்சொல் எதுவும் வேண்டியதில்லை. நீளமாகிறதுதான். அட்டவணையின் இடது பத்தியைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன், அவ்வளவுதான்.

அந்த 'நடுப்புள்ளியில்' என்ற சொல்லை இடம் போதவில்லை என்று யாராவது வெட்டப் பார்ப்பார்கள், விடக்கூடாது. காரணம் கணக்கில் இருக்கிறது. கதிர்க்கோணம் 120° என்றால் நேர் கீழே இருக்கும் செறிவில் பாதி, பக்கவாட்டில் 60° சாயும்போது வருகிறது என்று பொருள். மேலே பால்வெள்ளை மூடி போட்ட சாதாரண டவுன்லைட் இப்படித்தான் நடந்துகொள்ளும். அப்படிப்பட்ட விளக்கின் நேர் கீழ்ச் செறிவு, மொத்த லூமெனைப் பையால் வகுத்தால் வரும்:

```
I = 3600 / π ≈ 1146 cd
E = I / d²  →  2 m: 286 lx,  3 m: 127 lx
```

லூமென் 3600-லேயே நிற்கிறது, உயரம் கூடினால் லக்ஸ் மட்டும் சரிகிறது, அதுவும் நடுவில் மட்டும்தான் இந்த எண், ஓரங்களில் இன்னும் குறைவு. நடுப்புள்ளி என்ற சொல் இல்லாவிட்டால் படிப்பவர் 286-ஐ அறை முழுவதற்கும் சராசரி என்று எடுத்துக்கொள்வார். 20 சதுர மீட்டர் அறை என்று வையுங்கள், 286 × 20 = 5720 லூமென் தரையில் விழ வேண்டும். விளக்கு வெளிவிடுவதே 3600. இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்தாலே மொழிபெயர்ப்பில் எதையோ தொலைத்துவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது 'திறன்'. இது நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்த தலைவலி. வாட் கணக்கு திறன். பவர் ஃபேக்டர் திறன் காரணி. எல்இடிக்கு ஏற்ற மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான டிரைவரின் 88 சதவீதம் பயனுறுதிறன். வாட்டுக்கு 120 லூமென் என்பதைப் பலர் ஒளித்திறன் என்கிறார்கள். நிறங்களை உள்ளபடி காட்டுவதைக்கூட நிறம் காட்டும் திறன் என்று எழுதிவிடத் தோன்றும். தனித்தமிழ் வரைவில் ஒரே பக்கத்தில் ஐந்து திறன், ஐந்துக்கும் வேறு வேறு பொருள். இலங்கைப் பாடநூல் வழியில் வலு, வினைத்திறன் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் தப்பித்திருக்கலாம், ஆனால் ஒரு தாளுக்குள் இரண்டு மரபையும் கலப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதும் பயனுறுதிறனும் ஒன்றல்ல. பின்னது வெளியேறும் வாட்டை உள்ளே போகும் வாட்டால் வகுப்பது, அலகு கிடையாது, நூறு சதவீதத்தைத் தாண்டாது. முன்னதில் மேலே லூமென், கீழே வாட், அதனால் அது நூறைச் சாதாரணமாகத் தாண்டும். 555 நானோமீட்டர் பச்சை ஒளி மட்டும் வெளிவிடும் ஒரு கற்பனை விளக்குக்கு அதன் உச்ச எல்லை 683. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டு, பின்னால் அட்டவணையைச் சீர்செய்கிறவர் 'திறன் என்றால் சதவீதம்தானே' என்று குறியையும் சேர்த்து, ஒளித்திறன் 120% என்று அச்சான ஒரு தாளை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தரும் விளக்கு!

நான் எழுதியது: 'ஒரு வாட்டுக்கு வெளிவிடும் ஒளி 120 lm/W'. கலைச்சொல் வேண்டாம், அலகே விளக்கம். திறன் என்ற சொல்லை மின்திறனுக்கும் டிரைவரின் பயனுறுதிறனுக்கும் மட்டும் விட்டுவைத்தேன்.

CCT என்ற வரியில், அதாவது நிறவெப்பநிலையில்தான் தனித்தமிழ் வழி முழுசாக மண்ணைக் கவ்வியது, இத்தனைக்கும் அது துல்லியமான மொழிபெயர்ப்பு. ஒரு கரும்பொருளைச் சூடேற்றிக்கொண்டே போனால் முதலில் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்து, பிறகு நீலம் தட்டும், அந்தச் சூட்டைக் கெல்வினில் சொல்வதுதான் இந்த எண். எல்இடி அந்தச் சூட்டில் இல்லை, அதன் வெள்ளை எந்தச் சூட்டின் வெள்ளையை ஒத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம். இது தெரிந்தவருக்கு நிறவெப்பநிலை என்ற சொல் போதும். வரைவை மின்வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அண்ணே, இதுல மூணு வெப்பநிலை வருது, எதைத் தாண்டினா டிரைவர் போகும்?" என்றார். எண்ணிப் பார்த்தேன், சரிதான். நிறவெப்பநிலை, சூழல் வெப்பநிலை, டிரைவரின் உறையில் சூட்டை அளக்கக் குறித்திருக்கும் tc புள்ளியின் வெப்பநிலை. உண்மையில் சுடுவது பின்னிரண்டும்தான்.

போதாக்குறைக்கு இந்த எண் தலைகீழாக வேறு ஓடுகிறது. 2700 K மஞ்சள் சாய்ந்த வெள்ளை, அதைச் சூடான பக்கம் என்கிறார்கள். 6500 K நீலம் சாய்ந்தது, அதைக் குளிர்ந்தது என்கிறார்கள். வெப்பநிலை என்ற சொல்லைக் கண்ணில் காட்டிவிட்டு, எண் ஏற ஏறக் குளிர்ச்சி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 'சூடான வெள்ளை' என்று எழுதினால் சோறு ஞாபகம்தான் வருகிறது. ஒலிபெயர்ப்பு இங்கே ஜெயிக்கிறது: வார்ம் ஒயிட், கூல் ஒயிட் என்ற பெயர்கள் பெட்டியிலும் பேச்சிலும் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றைக் கேட்டு யாரும் சூட்டை நினைப்பதில்லை. ஆனால் தாளில் இருப்பது பெயர் இல்லை, எண். எனவே 'வெள்ளையின் சாயல் 4000 K (மஞ்சளும் நீலமும் சாயாத நடு வெள்ளை)' என்று போட்டு, அடிக்குறிப்பில் ஒரே ஒரு இடத்தில் நிறவெப்பநிலை என்ற கலைச்சொல்லையும் கொடுத்தேன், தேடிப் படிக்கிறவருக்கு அது வேண்டும். இன்னொன்று, கெல்வினுக்கு டிகிரிக் குறி கிடையாது. கீழே 75 °C இருப்பதைப் பார்த்து மேலேயும் ஒரு வட்டம் போடச் சொல்லும் கை, அதைக் கட்டிப் போடுங்கள்.

அப்புறம் டிரைவர். ஓட்டுநர் என்று எழுதுவது சிரிப்புக்கு. இயக்கி என்பது அப்படித் தள்ளிவிட முடியாத சொல், நல்ல தமிழ், பொருளும் பொருந்துகிறது. ஆனால் அதைக் கணினி மென்பொருளுக்கு ஏற்கெனவே பழகிவிட்டோம், அதைவிட முக்கியம், விளக்கு மாட்டுகிறவர் யாரும் இயக்கி எரிந்துவிட்டது என்று சொல்வதில்லை. பழைய டியூப்லைட் பழக்கத்தில் சிலர் இதையும் சோக்கு என்பார்கள், அது வேறு பொருள் என்பதால் அந்தப் பக்கமும் போக முடியாது. கையில் எடுத்து மாற்றக்கூடிய, பெயர் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடிய ஒரு பெட்டிக்கு, கேட்டால் கிடைக்கும் பெயரைத்தான் வைக்க வேண்டும். டிரைவர்.

டிரைவருக்கு முன்னால் வரும் அடைமொழியில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கான்ஸ்டன்ட் கரன்ட், கான்ஸ்டன்ட் வோல்டேஜ் என்று ஒலிபெயர்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பித்து, அவசரத்தில் ஒன்று இன்னொன்றாகப் படிக்கப்படும். தமிழில் 'நிலை மின்னோட்டம்' என்று சுருக்கினால் நிலைமின்னியல் வந்து குறுக்கே நிற்கும். 'நேர் மின்னோட்டம்' என்று எழுதியவர்களும் உண்டு, அது டிசி. நான் எடுத்தது 'மாறா மின்னோட்டம்'. மாறாதது எது என்பது சொல்லிலேயே இருக்கிறது: மின்னோட்டம் 700 மில்லிஆம்பியரிலேயே நிற்கும், மின்னழுத்தம்தான் எல்இடி வரிசைக்கு ஏற்ப மாறிக்கொள்ளும்.

இதைத் தப்பாகப் படித்தால் என்ன நடக்கும்? 30-42 V என்ற வரியைப் பார்த்துவிட்டு 36 வோல்ட் மாறா மின்னழுத்த அடாப்டர் ஒன்றை ஒருவர் மாட்டுகிறார் என்று வையுங்கள். எல்இடியில் மின்னழுத்தம் கொஞ்சம் கூடினாலே மின்னோட்டம் நிறையக் கூடும், சூடேற ஏற அதற்கு வேண்டிய மின்னழுத்தம் குறைந்துகொண்டே வரும், அழுத்தம் மாறாமல் நிற்பதால் மின்னோட்டம் இன்னும் ஏறும். கட்டுப்படுத்த ஆள் இல்லை. அல்லது அழுத்தம் எட்டாமல் மங்கலாக எரியும், மாட்டியவர் விளக்கைக் குறை சொல்வார். எனவே அந்த வரியை 'வெளியீட்டு மின்னழுத்தம் 30-42 V' என்று மட்டும் விடவில்லை. 'இந்த வரம்புக்குள் அமையும் எல்இடி வரிசைக்கு மட்டும் (பயனர் தேர்ந்தெடுப்பது அல்ல)' என்று சேர்த்தேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூலத்தைப் படிக்கும் பொறியாளருக்கு அது சொல்லாமலே தெரியும், தமிழ்த் தாளைப் படிப்பவர் வேறு ஆள்.

இந்த வரிகளை மொழிபெயர்த்த பிறகு ஒரு கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்: உள்ளே 30 வாட், அதில் 88 சதவீதம் 26.4 வாட், அதை 0.7 ஆம்பியரால் வகுத்தால் சுமார் 37.7 வோல்ட், 30-க்கும் 42-க்கும் நடுவில் உட்காருகிறது. உட்காராவிட்டால் உள்ளீட்டையும் வெளியீட்டையும் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறோம், அல்லது மூலத்திலேயே பிழை.

குறியீடுகள் பற்றி ஒரு வார்த்தை. lm, lx, K, mA எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். லூ, ல என்று தமிழில் சுருக்கிப் பார்த்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கின் ஸ்டிக்கரிலும் டிரைவரின் முதுகிலும் அச்சாகியிருப்பது lm, mA, tc, தாளையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவருக்கு இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விளக்க வரிகளில் மட்டும் லூமென், லக்ஸ் என்று முழுசாக எழுதினேன்.

ஆக, எது கலக்கும் அடிப்படை? கையில் எடுக்கும் பொருளுக்குக் கடன் சொல், அச்சில் ஒப்பிட வேண்டியதற்குக் குறியீடு, அளவு எதை அளக்கிறது என்பதற்குத் தமிழ் வினை. இதற்கு விலையும் உண்டு, தாள் இரண்டு பக்கத்திலிருந்து மூன்றானது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட மூன்று சென்டிமீட்டர்தான் கிடைக்கும் என்றால் இந்த வழி ஒத்துவராது, அங்கே ஒலிபெயர்ப்பும் குறியீடும்தான். மாணவர்களுக்குப் பாடமாக எழுதினால் நான் ஒளிப்பாயத்துக்கும் நிறவெப்பநிலைக்கும் தயங்காமல் திரும்பிப் போவேன், அங்கே சொல்லை விளக்க ஒரு பத்தி கிடைக்கிறது.

ஒரு வரியில் மட்டும் மூன்று வழியும் கைவிட்டது. மூலத்தில் இருந்த அந்த non-isolated. அகராதியைப் புரட்டி 'காப்பிடப்படாத' என்று எழுதினேன், அது தவறு. காப்பு என்றால் கம்பியின் மேல் இருக்கும் உறை நினைவுக்கு வரும், இந்த டிரைவரின் கம்பிகளில் உறை இருக்கத்தான் செய்கிறது. 'தனிமைப்படுத்தப்படாத' என்றால் நோயாளி வார்டு. 'நான்-ஐசொலேட்டட்' என்று விட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். இங்கே பொருள் வேறு: மின்வழங்கல் பக்கத்துக்கும் எல்இடி பக்கத்துக்கும் நடுவில் அவற்றைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. அதனால் எல்இடி முனைகளுக்கு இடையே மீட்டர் 38 வோல்ட் காட்டினாலும், அந்த முனைக்கும் தரைக்கும் இடையே மின்வழங்கலின் அழுத்தமே இருக்கலாம். 42 V என்று படித்தவர் குறைந்த அழுத்தம்தானே என்று தொடுவார். சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அட்டவணையின் அந்தக் கட்டத்தைக் காலியாக்கி, கீழே கட்டம் கட்டி எழுதினேன்: 'இந்த டிரைவரின் வெளியீடு மின்வழங்கலிலிருந்து பிரிக்கப்படவில்லை. மின்சாரம் இருக்கும்போது எல்இடி பக்கத்தையும் தொட்டால் ஷாக் அடிக்கும். மெயினை அணைத்த பிறகே கழற்றவும்.' நண்பருக்கு அதைப் போனில் படித்தபோது அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.